3 மி.மீ. குட்டையான டயகனலை இழுத்து மாட்டினால் எவ்வளவு விசை வரும்?

கேள்வி: சதுர ட்ரஸ் பேனல், குறுக்கே ரெண்டு டயகனல். அதில் ஒன்றை 3 மி.மீ. குட்டையா வெட்டிட்டாங்க. இழுத்துப் பிடிச்சு போல்ட் போட்டாச்சு. வெளியிலிருந்து லோடே இல்லாதப்போ மெம்பர்களில் விசை எப்படி வரும்? வந்தால் எவ்வளவு?

பதில்:

முதலில் மெம்பர்களை எண்ணிப் பாருங்கள். பக்கங்கள் நான்கு, டயகனல் இரண்டு, மொத்தம் ஆறு. நான்கு ஜாயிண்ட் உள்ள தள ட்ரஸ் ஆடாமல் நிற்க 2×4 − 3 = 5 மெம்பர் போதும். உங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. விசை வருவதற்குக் காரணம் அந்த ஒன்றுதான்.

ஒரே ஒரு டயகனல் இருந்து, அது 3 மி.மீ. குட்டையாக வந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. சதுரம் துளி சாய்ந்து சாய்சதுரமாகியிருக்கும், டயகனல் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும், எந்த மெம்பரிலும் விசை இருக்காது. இரண்டாவது டயகனல் இருப்பதால் சதுரத்தால் அப்படிச் சாய முடியவில்லை. ஒன்று சாயச் சொல்கிறது, மற்றது விடமாட்டேன் என்கிறது. வெளியில் லோடு இல்லாமலே உள்ளுக்குள் ஓர் இழுபறி நடக்கிறது.

எவ்வளவு என்பதற்கு அளவுகள் வேண்டும். நீங்கள் தராததால் நான் எடுத்துக்கொள்கிறேன்: பக்கம் 3 மீட்டர், எல்லா மெம்பருக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 1000 ச.மி.மீ., எஃகின் E மதிப்பு ஒரு ச.மி.மீ.க்கு 200 கிலோநியூட்டன். ஆக AE = 2,00,000 கிலோநியூட்டன். டயகனலின் நீளம் 4243 மி.மீ.

இப்போது குட்டை டயகனலின் ஒரு முனையை மனதில் கழற்றிவிடுங்கள். ஜாயிண்டுக்கும் அந்த முனைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி தெரியும். அந்த இடைவெளியை மூடுவதுபோல் இரண்டு பக்கமும் 1 கிலோநியூட்டனால் இழுத்துப் பாருங்கள். டயகனலில் இழுவிசை 1. அது சேரும் மூலையில், 45 பாகையில் வரும் அந்த இழுப்பைச் சமன்செய்ய இரண்டு பக்கங்களும் தலா 0.707 அமுக்குவிசை எடுக்க வேண்டும். அடுத்த மூலைக்குப் போங்கள். அங்கே இரண்டு பக்கங்களும் மூலையை வெளியே தள்ளுகின்றன. அதைப் பிடித்து நிறுத்துவது மற்ற டயகனல்தான். அதனால் அதிலும் இழுவிசை 1.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டயகனல் இழுபட்டால் மற்றது அமுங்கும் என்று கை தானாகவே எழுதிவிடும், ஏனென்றால் காற்று விசை மாதிரி பக்கவாட்டு லோடில் அப்படித்தான் நடக்கும். இங்கே அப்படி இல்லை. எதிரெதிர் மூலைகள் இரண்டை உள்ளே இழுத்தால் மற்ற இரண்டு மூலைகளும் வெளியே பிதுங்கப் பார்க்கும். சரியான நீளத்தில் வெட்டிய டயகனலும் அதே அளவு இழுபடும். நான்கு பக்கங்களும் அமுங்கும்.

அடுத்து, இந்த 1 கிலோநியூட்டன் இழுப்பு இடைவெளியை எவ்வளவு மூடும் என்று பார்க்க வேண்டும். அதை f என்போம், 3 மி.மீ. முழுதையும் மூடத் தேவையான விசையை X என்போம். ஒவ்வொரு மெம்பருக்கும் n²L/AE கண்டு கூட்டுகிறோம். n என்பது இப்போது கண்ட 1, −0.707 ஆகிய எண்கள். n ஏன் இருமுறை பெருக்கப்படுகிறது என்றால், ஒருமுறை அது விசையாக வந்து அந்த மெம்பரின் நீளத்தை மாற்றுகிறது. இன்னொரு முறை, அந்த நீளமாற்றத்தில் எத்தனை பங்கு நம் இடைவெளியில் வந்து சேர்கிறது என்பதைச் சொல்கிறது. 1864-ல் மாக்ஸ்வெல் காட்டிய வழி இது, பத்து ஆண்டு கழித்து மோர் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

```
பக்கங்கள்   : 4 × 0.5 × 3000 =  6000
டயகனல்கள்  : 2 × 1 × 4242.6 =  8485
கூட்டுத்தொகை Σn²L           = 14485
f = 14485 / 200000 = 0.0724 mm/kN
X = 3 / 0.0724     = 41.4 kN
```

ஆகவே இரண்டு டயகனலிலும் 41.4 கிலோநியூட்டன் இழுவிசை, நான்கு பக்கங்களிலும் தலா 29.3 கிலோநியூட்டன் அமுக்குவிசை. மெம்பர் குட்டை என்பதால் X நேர்க்குறியோடு வருகிறது. 3 மி.மீ. நீளமாக வெட்டி அழுத்திச் செருகியிருந்தால் இதே எண்கள் குறி மாறி வரும்.

வழக்கமாக நேரும் தவறு ஒன்று: "3 மி.மீ. குட்டை, அப்படியானால் அந்த டயகனல் 3 மி.மீ. நீண்டிருக்கும்" என்று கணக்கிடுவது. அப்படிப் போட்டால் 141 கிலோநியூட்டன் வரும், உண்மையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். உண்மையில் டயகனல் நீள்வது 41.4 × 4243 / 2,00,000 = 0.88 மி.மீ. மட்டுமே. மீதி 2.12 மி.மீ. சட்டகம் விட்டுக்கொடுத்தது, அதாவது அந்த இரு மூலைகளும் அவ்வளவு நெருங்கி வந்துவிட்டன.

விடையைச் சரிபார்க்கவும் இதுவே வழி. பக்கம் ஒவ்வொன்றும் 0.44 மி.மீ. சுருங்குகிறது. நான்கையும் 0.707 ஆல் பெருக்கிக் கூட்டினால் 1.24. மற்ற டயகனல் நீண்டது 0.88. இரண்டும் சேர்ந்து 2.12. அதோடு குட்டை டயகனலின் 0.88 சேர்ந்தால் சரியாக 3.00. இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. லோடினால் வரும் விசைக்குப் பழகியவர்கள், தகைவு அதிகமாக இருந்தால் மெம்பரைத் தடிமனாக்கலாம் என்று நினைப்பார்கள். இங்கே அது எடுபடாது. எல்லா மெம்பரின் பரப்பையும் இரட்டிப்பாக்கினால் f பாதியாகும், X இரட்டிப்பாகும், தகைவு அப்படியே 41 மெகாபாஸ்கலில் நிற்கும். குட்டை டயகனலை மட்டும் 2000 ச.மி.மீ. ஆக்கினால் இன்னும் மோசம். Σn²L கணக்கில் அதன் பங்கு பாதியாகிறது, X 48.5 ஆக ஏறுகிறது. அந்த டயகனலின் தகைவு குறையும், ஆனால் மற்ற டயகனலின் விசை 48.5 ஆகவும், பக்கங்களின் அமுக்குவிசை 34.3 ஆகவும் உயரும். விறைப்பான மெம்பரைத் திணிக்கத் திணிக்க அக்கம்பக்கத்து மெம்பர்கள்தான் சுமக்கின்றன.

அந்த 34 சின்ன எண் அல்ல. 1000 ச.மி.மீ. என்பது ஏறக்குறைய ஒரு 65×65×8 ஆங்கிள். அதன் மிகச் சிறிய சுழல் ஆரம் 12.5 மி.மீ. அளவுதான், 3 மீட்டருக்கு நடுவில் தாங்கு இல்லாமல் விட்டால் மெலிவு விகிதம் 240. அமுக்க மெம்பருக்கு IS 800 விதிக்கும் 180 வரம்பை அது தாண்டிவிடுகிறது. இரு முனையும் பின் மூட்டு என்று வைத்தால் ஆய்லர் விசை சுமார் 33 கிலோநியூட்டன். ஒரு துளி கூரைச் சுமை ஏறுவதற்கு முன்பே, இழுத்து மாட்டிய அந்த ஒரு வேலையால் பக்க ஆங்கிள் வளையும் எல்லைக்கே வந்து நிற்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். டயகனல் துளை கஸட் பிளேட் துளையோடு பாதி நிலா மாதிரி விலகி நின்றது. டிரிஃப்ட் பின்னை வைத்துச் சுத்தியலால் அடித்து, துளையை நேராக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். வேலை முடிந்ததாகவே எல்லாரும் நினைத்தோம். சாயங்காலம் மேஸ்திரி அண்ணன் கீழ்ப் பக்க ஆங்கிளின் முனைக்கு முனை நூல் கட்டிப் பார்க்கச் சொன்னார். நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் அளவு விலகியிருந்தது. "ஸ்பேனரால தட்டிப் பாரு தம்பி" என்றார். பக்கத்துப் பேனலின் டயகனல் மந்தமாக 'டொக்' என்றது. இந்தப் பேனலில் இரண்டு டயகனலுமே 'ணிங்' என்று இழுத்து ஒலித்தன. சரியான நீளத்தில் வெட்டிய அந்த இன்னொன்றும் ஏன் ஒலிக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து மேலே உள்ள கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை போடுவது வழக்கம். போல்ட் துளைக்குள் நகர இடமிருப்பதால் ஒவ்வொரு முனை இணைப்பும், நடுநிலையிலிருந்து 2 மி.மீ. வரை வழுக்கிக் கொடுக்கும். இரு முனையிலும் அந்த இடம் மிச்சமிருந்தால் உங்கள் 3 மி.மீ. முழுதும் அதிலேயே கரைந்துபோகலாம், விசை கிட்டத்தட்டச் சுழியம். டிரிஃப்ட் பின் அடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது என்றால் அந்த இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள், அதற்கு மேல் மிஞ்சியதைத்தான் கணக்கில் 3 மி.மீ.க்குப் பதிலாகப் போட வேண்டும். வெல்டிங் செய்த ட்ரஸ்ஸிலோ, உராய்வுப் பிடி போல்ட் போட்ட ட்ரஸ்ஸிலோ வழுக்கல் கிடையாது, முழு 3 மி.மீ.யும் விசையாகும்.

பின்னால் கூரைச் சுமை ஏறும்போது அந்தச் சுமையின் விசைகளைத் தனியாகக் கண்டு, இந்த 41.4, −29.3 எண்களோடு அப்படியே கூட்டிக்கொள்ளலாம். மென்பொருளில் சோதிக்க விரும்பினால் அந்த ஒரு டயகனலை மட்டும் 59 டிகிரி செல்சியஸ் குளிரவையுங்கள் (விரிவுக் குணகம் 12 × 10⁻⁶ என்று வைத்து). தடையில்லாமல் விட்டால் அது சுருங்குவது 3 மி.மீ., ஆகவே இதே எண்கள் வர வேண்டும்.

உங்கள் பேனல் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்பதால் ஊகிக்க வேண்டியதில்லை. கூரை ஏற்றுவதற்கு முன், பேனலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குட்டை டயகனலின் ஒரு முனை போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துளைகள் விலகத் தொடங்கும். டயகனல் முழுதாகத் தளர்ந்ததும் அந்த விலகலை அளந்து, துளைக்குள் போல்ட் நகரும் இடத்தைக் கழித்துவிட்டு, உங்கள் அளவுகளில் கண்ட f ஆல் வகுங்கள். விலகல் 0.88 மி.மீ. அளவில் நிற்காது. டயகனல் சுருங்குவதோடு சட்டகமும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதனால் முழு இடைவெளியும் திறக்கும்.