மல்லிகை வெபினார்: துண்டின் முதல் வாக்கியம்

“மல்லிகைச் சாகுபடி பற்றிய ஒன்றரை மணி நேர வெபினாரைத் துண்டு துண்டாக வெட்டினேன். எல்லாத் துண்டும் மந்தமாகவே தொடங்குகிறது. திருமங்கலத்திலிருந்து கேட்கிறேன்.”

கேள்வி தொடங்கும் இடத்தில் வெட்டாமல், விடை வெளிப்படும் வாக்கியத்தில் வெட்டுங்கள். “நல்ல கேள்வி, நம் மதுரைப் பக்கம் பலரும் கேட்கிறார்கள்” என்ற முன்னுரையை நீக்கிவிட்டு, “நவம்பர் கடைசியில் மல்லிகைச் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள்” என்று தொடங்கி, காரணத்தைப் பின்னால் வரவிடுங்கள். பேச்சாளர் அந்த வரியை இறுதியில்தான் சொல்லியிருந்தால், அதை மட்டும் எடுத்து முன்னால் ஒட்டலாம். ஆனால் அவர் விதித்த நிபந்தனை எதுவும் அறுபட்டுவிடக் கூடாது. “அதை அப்படியே வெட்டுங்கள்” போன்ற வரி பார்ப்பவரை இழுக்கும் கொக்கியாகாது, ஏனெனில் புதிதாகப் பார்ப்பவருக்கு எதை என்று விளங்காது. வேறு வரி கிடைக்காவிட்டால் திரையில் “மல்லிகைக் கவாத்து” என்று எழுத்தாக இடுங்கள்.

ffmpeg பயன்படுத்தினால், `-c copy` கீஃப்ரேமில்தான் வெட்டும் என்பதால் முதல் சொல் பிசகக்கூடும். மறு என்கோடிங் செய்யுங்கள்:

```
ffmpeg -ss 00:41:12 -i in.mp4 -t 45 -c:v libx264 -c:a aac out.mp4
```