பிப், லாட், லெவரேஜ்: லாப நட்டக் கணக்கு

கேள்வி: அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் பிப், லாட், லெவரேஜ் என்றால் என்ன? லாப நட்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பிப் என்பது விலை நகர்வின் அலகு. பெரும்பாலான நாணய இணைகளில் நான்காம் தசம இடம், யென் இணைகளில் இரண்டாம் இடம். லாட் என்பது வாங்கும் அளவு: ஸ்டாண்டர்டு லாட் 1,00,000 அலகுகள், மினி லாட் 10,000. நாணய விலைகள் ஒரு நாளில் மிகச் சிறிதளவே நகர்வதால், பெரிய தொகையில் வர்த்தகம் செய்தால்தான் அந்த நகர்வு பொருட்படுத்தத்தக்க பணமாகிறது. அதற்காகவே, சிறு தொகையைப் பிணையாக வைத்துப் பெரிய தொகையில் வர்த்தகம் செய்யவிடும் லெவரேஜ் தரப்படுகிறது. முன்பணம் மட்டும் கொடுத்து மனைக்கு ஒப்பந்தம் போட்டவருக்கும் ஏற்ற இறக்கம் முழு மனை விலையின் மீதே கணக்காவதைப் போன்றது இது.

கணக்கில் 500 டாலர் வைத்திருப்பவர், யூரோ–டாலர் இணையில் ஒரு மினி லாட்டை 1.1000 விலையில் வாங்குகிறார் என்று கொள்வோம். அதாவது 10,000 யூரோ, மொத்த மதிப்பு 11,000 டாலர். லெவரேஜ் 1:50 என்றால் பிணையாக 220 டாலர் ஒதுக்கப்படும். 10,000 × 0.0001 என்பதால் ஒரு பிப் ஒரு டாலர். விற்கும் விலை 1.1040 ஆனால் 40 டாலர் லாபம், 1.0960 ஆனால் அதே அளவு நட்டம். யூரோ அசைந்தது 0.36 சதவீதம்தான், கணக்கிலோ 8 சதவீதம் கரைந்துவிட்டது. (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியால், வாங்கிய கணமே ஓரிரு பிப் நட்டத்தில்தான் நிற்போம்.)

லெவரேஜைக் கூட்டினால் நட்டமும் தானாகக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1:100 ஆக்கினால் பிணை 110 டாலராகக் குறையுமே தவிர, அதே மினி லாட்டில் 40 பிப் நட்டம் 40 டாலராகவே இருக்கும், அது மாறுவது லாட் அளவைக் கூட்டும்போதுதான்.