ஸ்கூல் செட் கேப்ஷன்: விலையை எப்படி போடுறது?

"ஹட்டன் பக்கம் சின்ன கொப்பி கடை. ஜனவரிக்கு செட் விலை போட்டு பேஸ்புக்ல போடணும், போன தடவ விலை கேட்டாங்க, யாரும் வாங்கல. எப்படி எழுதுறது?"

அண்ணே, வெறும் மொத்த விலைய மட்டும் போட்டா ஆளுங்க நம்ப மாட்டாங்க, ஏன்னா கொப்பி பின்னட்டையிலயே விலை அடிச்சிருக்கு, வீட்டுல உக்காந்து கூட்டிப் பாப்பாங்க. அதனால கூட்டுக்கணக்க நீங்களே காட்டிருங்க. உதாரணத்துக்கு தரம் 3 செட், கொப்பி 120 ரூபான்னு வச்சுக்குவோம்:

"தரம் 3 செட்: 80 பக்க கொப்பி 8, பென்சில் 2, அழிறப்பர், கட்டர், அடிமட்டம். தனித்தனியா 1150, செட்டா 1080 ரூபா. கொப்பி மட்டும் வேணும்னா 8ம் 930."

அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம்ணே. போன வருச அடிமட்டம் வீட்டுல நல்லாத்தான் இருக்கும், அத திரும்ப வாங்க சொன்னா செட்டையே விட்டுட்டு போயிருவாங்க. விக்காத கலர் பேனைய உள்ள தள்ளி விலைய ஏத்தவும் வேணாம்.

செக்லிஸ்ட்டும் சின்னதா, வாங்க முன்ன பாக்குற மாதிரி:

"பாடப்புத்தகம் ஸ்கூல்ல குடுப்பாங்க, வாங்க வேணாம். கணக்குக்கு சதுரக்கோடா, மத்த பாடத்துக்கு ஒத்தக்கோடா ரெட்டக்கோடான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. பழைய பேக்ல சிப் பாருங்க. மழைக்கு பொலித்தீன் உறை எடுங்க."

கோடு மாறிப்போறதுலதான் சண்டையே வரும், டீச்சர் லிஸ்ட் குடுக்குறதுக்குள்ள வாங்கிருவாங்க. "எழுதாத கொப்பிய பில்லோட கொண்டாந்தா மாத்தித் தருவோம், ஜனவரி முடியும்வர"ன்னு கீழ போடுங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு சம்பளம் விழுற அன்னைக்கு காலையிலயே போஸ்ட்ட மறுபடி போடுங்கண்ணே.