A-வை 'அ' ஆக்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய புத்தக அலமாரிக்கு வந்த பூட்டும் முறைத் தாளை மாமா போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார். தமிழில் எழுதித் தரணும். முக்கால்வாசி வெறும் படமும் A, B, 8x மாதிரிக் குறிகளும்தான். இதை எப்படி எழுதுவது?

மாமா இந்நேரம் பலகைகளைக் கூடத்தில் பரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். A, B, C எதையும் மாற்றாதீர்கள். பலகையில் ஒட்டிய ஸ்டிக்கரில் A என்றுதான் இருக்கும். நீங்கள் 'அ' என்று எழுதினால் அவர் எதைத் தேடுவார்?

இது எனக்குப் பட்ட காயம். மொழிபெயர்ப்புதான் என் தொழில். ஒரு மரச்சாமான் கடைக்கு இந்த மாதிரித் தாள்கள் செய்து தருகிறேன். ஒருமுறை நான் கொடுத்ததை அச்சுக்கு அனுப்புமுன் அங்கிருந்த ஒருவர் எல்லா எழுத்தையும் அ, ஆ, இ என்று மாற்றிவிட்டார். வாங்கியவர் A-வையும் B-யையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டார். பக்கப் பலகை இரண்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று எதிரானவை. மாறினால் பின்பலகை நுழைகிற காடி முன்பக்கம் வந்து நிற்கும். பழி என் தலையில் விழுந்தது. தமிழ்ப்பற்று இல்லாதவள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விளக்கம் முழுக்கத் தமிழில் இருக்கட்டும். ஸ்டிக்கரில் இருப்பது பொருளின் பெயர், அவ்வளவுதான்.

அடுத்து எண்ணிக்கை. வாக்கியம் எழுத உட்காரும் முன், உதிரிப் பட்டியலையும் ஒவ்வொரு படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். நான் செய்த ஒரு அலமாரியையே சொல்கிறேன். A, B பக்கப் பலகைகள். C மேல், D கீழ், நடுவில் E இரண்டு. உதிரிகளில் எண் 1 மரக்குச்சி, எண் 2 பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ் போல்ட், எண் 3 அதை இறுக்கும் வட்டப் பூட்டு. போட்டோவில் தாளின் மடிப்பு மரக்குச்சியின் எண்ணிக்கை மேலேயே விழுந்திருந்தது. 16-ஆ 18-ஆ தெரியவில்லை.

முதல் படியில் போல்ட் பக்கத்தில் 8x. ஆனால் கட்டத்தின் மூலையில் தனியாக ஒரு 2x, கூடவே A, B. அதாவது ஒரு பலகைக்கு எட்டு, அதே வேலையை இரண்டு பலகைக்கும் செய்யணும்: 16. பட்டியலிலும் போல்ட் 16, சரி. இரண்டாம் படியில் ஒரு பலகைக்கு மரக்குச்சி 4x, மூலையில் மறுபடி 4x. C, D, E, E நான்குக்கும். நான்கு நான்கு பதினாறு. ஆக தேவை 16. பையைப் பிரித்து எண்ணச் சொன்னேன், 16-தான் இருந்தது. ஒன்றிரண்டு உபரி போடும் கம்பெனிகளும் உண்டு, அதனால் பட்டியலில் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். குறைந்தால்தான் எங்கோ ஒரு மூலை 2x-ஐ இரண்டு முறை கூட்டியிருப்பீர்கள், அல்லது 6-ஐ 8 என்று படித்திருப்பீர்கள். மூலை எண்ணை விட்டுவிட்டால் பாதி ஸ்க்ரூ மிஞ்சும், அலமாரி ஆடும்.

இன்னொன்று: 4x30 என்பது நான்கு ஸ்க்ரூ இல்லை. 4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளம். x-க்குப் பின்னால் எண் இருந்தால் அநேகமாக அது அளவு. தனியாக 4x அல்லது x4 என்று நின்றால்தான் எண்ணிக்கை. தமிழில் எழுதும்போது '4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளம், மொத்தம் 12' என்று பிரித்தே எழுதிவிடுங்கள். சில தாள்களில் ஸ்க்ரூவை நிஜ அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள், மேலே வைத்து ஒப்பிடத்தான். போட்டோவில் அது பயன்படாது. மாமாவை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள்.

படம் தானாகச் சொல்வதைத் திரும்ப எழுத வேண்டாம். கண்ணுக்குத் தப்புவதை மட்டும் எழுதுங்கள். முக்கியமாக அந்த வட்டப் பூட்டு: அதன் முகத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். நுழைக்கும்போது அம்பு பலகையின் விளிம்பைப் பார்க்கணும். அப்போதுதான் போல்டின் தலை உள்ளே போகும். பிறகு திருப்பினால் பிடிக்கும். படத்தில் இது ஒரு பூதக்கண்ணாடி வட்டத்துக்குள் குட்டியாக இருக்கும். வாட்ஸ்ஆப் போட்டோவைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவதும் இதுதான். அதனால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம்.

'படம்தான் இருக்கே, இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கு' என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லணும். இந்த வேலைக்கு எனக்கு வார்த்தைக் கணக்கில்தான் கூலி. பன்னிரண்டு பக்கத் தாளில் வார்த்தை நூறுகூடத் தேறாது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கூட்டிச் சரிபார்க்க ஒரு மாலை முழுக்கப் போகும், அதற்குக் காசு கிடையாது. பக்கக் கணக்கில் கேட்டுப் பார்த்தேன். 'எழுத்தே இல்லாத பக்கத்துக்கு எதற்கம்மா காசு' என்றார்கள்.

மாமா அனுப்பியதிலும் எண் மேல் மடிப்பு விழுந்த பக்கம் இருந்தால், அதை மறுபடி கேட்டு வாங்குங்கள்.