இலவச சோதனைக்குத் தனி மின்னஞ்சல் வைத்தால் போதுமா?

கேள்வி: ட்ரையலுக்கென்றே ஒரு தனி மெயில் ஐடி தொடங்கலாம் என்று இருக்கிறேன். புதுப்பிப்பு அறிவிப்பு எதுவும் தவறாமல் இருக்குமா?

பதில்: தொடங்குங்கள், ஆனால் அந்தப் பெட்டியைத் தினமும் திறக்க மாட்டீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். எட்டிப் பார்க்காத பெட்டியில் விழும் அறிவிப்பு வராததற்குச் சமம். அதனால் அங்கு வரும் எல்லா மெயிலும் உங்கள் முதன்மை ஐடிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகும்படி அமைத்து, அங்கே அவற்றுக்கு ஒரு தனி லேபிள் கொடுங்கள்.

அறிவிப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். சில நிறுவனங்கள் பணம் எடுத்த பிறகு ரசீது மட்டுமே அனுப்பும். 3ஆம் தேதி 14 நாள் ட்ரையல் தொடங்கினால் பணம் 17ஆம் தேதி வாக்கில் போகும். சேரும்போதே 15ஆம் தேதிக்கு காலண்டரில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள். ஆப்பிள் சந்தாவை ட்ரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தால், ஆப்பில் எந்த ஐடி கொடுத்திருந்தாலும் ரசீது ஸ்டோர் கணக்கின் மெயிலுக்குத்தான் போகும். ரத்து செய்வதும் ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில்தான். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது.

பத்து நிமிடத்தில் மறையும் தற்காலிக ஐடி மட்டும் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு மறந்தால் உள்ளே போய் ரத்து செய்யவே வழியிருக்காது, கார்டில் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ரத்து உறுதி மெயிலை அடுத்த கார்டு ஸ்டேட்மென்ட் வரும்வரை அழிக்காதீர்கள்.