ஊதிய உயர்வுக் கடிதத்தில் யார் கையெழுத்து?

கேள்வி: நடுத்தர நிறுவனம் ஒன்றில் உள்தணிக்கைத் தலைவராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். உள்தணிக்கைச் சாசனத்தை எழுதித் தரும்படி இயக்குநர் அவையின் தணிக்கைக் குழு கேட்டிருக்கிறது. ‘உள்தணிக்கைப் பிரிவு சுதந்திரமாக இயங்கும், தணிக்கைக் குழுவுக்கு அறிக்கை அளிக்கும், தேவையான ஆவணங்களை உரிய துறையின் வழியாகப் பெறும்’ என்று எழுதியிருக்கிறேன். என் ஊதிய உயர்வுக் கடிதத்தில் நிதி இயக்குநர்தான் கையெழுத்திடுவார். அது வெறும் நடைமுறை, அவர் எனக்கு அண்ணன் மாதிரி. வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கையெழுத்தை நிதி இயக்குநரிடமிருந்து அகற்றுங்கள். நிறுவனத்தில் பணம் வருவதும் போவதும் பதிவாவதும் அவர் பொறுப்பில் நடப்பவை. நீங்கள் தணிக்கை செய்யப்போவதில் பெரும்பகுதி அவருடைய வேலையே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். எந்தக் கணக்கை இந்த ஆண்டு பார்ப்பது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்யும்போது அந்தக் கடிதம் உங்கள் நினைவுக்கு வராது என்று உங்களால் சொல்ல முடியுமா?

2002-இல் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர், நிர்வாக முறையில் தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவனின் கீழ் இருந்தார். அன்றாடச் செலவாகக் காட்ட வேண்டிய தொலைத்தொடர்பு இணைப்புக் கட்டணங்கள் சொத்துகளாகப் பதிவாகியிருந்ததைக் கூப்பரின் பிரிவினர் தோண்டத் தொடங்கியபோது, அந்தத் தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னவரே சல்லிவன்தான். கூப்பர் அதற்கு இணங்காமல் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனதால்தான் சுமார் 380 கோடி டாலர் முறைகேடு வெளியே வந்தது. கூப்பரின் துணிவை நம்பி எந்த நிறுவனமும் தன் சாசனத்தை எழுதக் கூடாது. துணிவு குறைந்தவரும் கடமையைச் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

‘தணிக்கைக் குழுவுக்கு அறிக்கை அளிக்கும்’ என்ற உங்கள் வரி அதற்குப் போதாது. அறிக்கையைத் தபாலில்கூட அனுப்பிவிடலாம். உள்தணிக்கைத் தலைவரின் நியமனம், நீக்கம், ஊதியம், ஆண்டுத் திட்டம், பிரிவின் நிதி ஒதுக்கீடு ஆகிய ஐந்தும் தணிக்கைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நிர்வாகத்தினர் எவரும் இல்லாமல் குழுவைத் தனியே சந்திக்கும் உரிமையையும் எழுதுங்கள். விடுப்பு, பயணச் செலவு போன்ற அன்றாட நிர்வாகத்துக்குத் தலைமைச் செயல் அதிகாரியின் கீழ் இருந்தால் போதும்.

ஆவணங்களைப் பற்றிய வரி இதைவிட மோசம். ‘உரிய துறையின் வழியாக’ என்றால், தணிக்கைக்கு உள்ளாகும் துறையே தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துத் தரும். விற்பனையாளர்களுக்குச் செலுத்திய தொகைகளைக் கேட்கிறீர்கள், கணக்குப் பிரிவு ஒரு எக்செல் கோப்பைத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வவுச்சர் எண்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2,140-க்கு அடுத்து 2,144 வந்தால் இடையில் உள்ள மூன்றும் எங்கே என்று கேளுங்கள். கோப்பின் மொத்தத்தைப் பேரேட்டு மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் கைக்கு முழுப் பதிவும் வரவில்லை. ஆனால் அந்தப் பேரேட்டையே அவர்களிடம்தான் கேட்டுப் பெற வேண்டும் என்றால் எதனுடன் ஒப்பிடுவீர்கள்? ஆகவே, கணக்கு மென்பொருளில் உங்கள் பிரிவுக்குச் சொந்தப் பெயரில், மாற்ற முடியாத, பார்க்க மட்டும் உரிமையுள்ள நுழைவு இருக்க வேண்டும் என்று சாசனத்தில் எழுதுங்கள். ஆவணங்கள், ஊழியர்கள், இடங்கள் அனைத்தையும் எவருடைய முன் அனுமதியும் இன்றி அணுகலாம் என்பதும் வேண்டும். இரகசியம் என்று சொல்லி மறுப்பார்கள். அந்த ஆவணத்தை வைத்திருப்பவருக்குள்ள அதே இரகசியக் கடமை உங்கள் பிரிவுக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தக் காரணம் நிற்காது.

மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதாமல் விடாதீர்கள். மூன்று வேலை நாள்களில் கிடைக்காவிட்டால் தலைமைச் செயல் அதிகாரிக்கும், ஐந்து நாள்களில் கிடைக்காவிட்டால் தணிக்கைக் குழுத் தலைவருக்கும் எழுத்தில் போகும் என்று நாள் குறியுங்கள். நாள் குறிக்காத உரிமையை ‘அடுத்த வாரம் தருகிறோம்’ என்றே ஆண்டு முழுதும் கடத்திவிடுவார்கள்.

அண்ணன் மாதிரி என்கிறீர்கள். குடும்ப உறவைப் பெரிதாக மதிப்பவள் நான்; அதனால்தான் கடுமையாகச் சொல்கிறேன். தம்பியை அந்த இக்கட்டில் நிறுத்தாமல் தானே பேனாவை விலக்கிக்கொள்பவர்தான் அண்ணன். உங்கள் கடமை அவருக்கு மட்டும் உரியதன்று. அந்த நிறுவனத்தை நம்பிச் சேமிப்பைப் போட்டவர்களும், அதன் சம்பளத்தில் நடக்கும் குடும்பங்களும் நீங்கள் எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று அறிய வழியில்லாதவர்கள்.

வரைவை அவரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். ஊதியம் பற்றிய பத்தியை மட்டும் நீக்கச் சொன்னால், அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்து, வரைவைத் திருத்தாமல் தணிக்கைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.