ஒரே நோட்டீஸை இரண்டு கடிதமாக்குங்கள்

*பிறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறை வைத்திருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஓர் உணவகத்துக்குச் சமையலறை முழுக்கச் செய்து கொடுத்தேன். மொத்தம் 32,000 ரிங்கிட். 18,000 வந்தது, மீதி 14,000 எட்டு மாதமாக வரவில்லை. கேட்டால் "ஹூட்டில் எண்ணெய் சொட்டுது, ஃபேன் சத்தம் தாங்கல" என்கிறார். அக்கா மகன் இணையத்தில் பார்த்து லாயர் நோட்டீஸ் மாதிரி ஒன்று எழுதித் தந்தான். படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன் நான். கோர்ட் படி ஏற ஆசையில்லை, காசை விடவும் மனமில்லை. நோட்டீஸையும் கொட்டேஷனையும் இணைத்திருக்கிறேன். எப்படி மாற்றி எழுதுவது?*

உங்கள் மருமகன் எழுதியதில் மூன்று மிரட்டல்கள் இருக்கின்றன. மூன்றுமே வெறும் வெடிச்சத்தம்தான்.

நிறுவனத்தைக் கலைக்க மனு போடுவேன் என்கிறது முதல் மிரட்டல். 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி அதற்கான நோட்டீஸ் கொடுக்கக் கடன் 50,000 ரிங்கிட்டைத் தாண்ட வேண்டும். உங்களுடையது 14,000, அதிலும் தகராறு இருக்கிறது. அடுத்தது போலீஸ் புகார். பேசிய வேலைக்குப் பாக்கிக் காசு என்பது சிவில் விவகாரம். போலீஸைக் காட்டிக் காசு கேட்டால் அழுக்கு உங்கள் சட்டையில்தான் ஒட்டும். மூன்றாவது, மாதம் 2 விழுக்காடு வட்டி. கொட்டேஷனைத் திருப்பிப் பார்த்தேன், வட்டி பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒப்புக்கொள்ளாத வட்டியை நீங்களாக ஏற்றினால் ஆண்டுக்கு 3,360 ரிங்கிட் ஆகிறது. தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் வழக்கமாகத் தரும் 5 விழுக்காட்டில் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 700. அவருடைய வழக்கறிஞர் இந்த மூன்றையும் படித்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: எழுதியவருக்கு விவரம் தெரியாது, பதில் போடாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

சரி, இவற்றை அடித்துவிடலாம். ஆனால் நோட்டீஸில் இதைவிடப் பெரிய ஓட்டை தலைப்பிலேயே இருக்கிறது: "வித்தவுட் பிரெஜுடிஸ்". நம் ஊரில் பலர் இதை லாயர் கடிதத்துக்குப் போடும் பொட்டு மாதிரி நினைக்கிறார்கள். சமரசம் பேசும்போது இரு தரப்பும் சொல்வதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் இதன் வேர் இருக்கிறது. மலாயில் எழுதினால் "தன்பா பிரசங்கா". இதைக் காசு கேட்கும் கடிதத்தின் தலையில் போட்டால் என்ன ஆகும்? நாளைக்கு "நான் முறையாகக் கேட்டேன், இத்தனை நாள் அவகாசம் கொடுத்தேன்" என்று அந்தக் கடிதத்தை நீதிபதி முன் வைக்கப் போகும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தலைப்பைச் சுட்டிக்காட்டி ஆட்சேபம் எழுப்புவார். சொல் மட்டும் போதாது, உள்ளே சமரசப் பேச்சு இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் நோட்டீஸில் பாதி மிரட்டல், பாதி "குறைத்துக்கொள்ளத் தயார்" என்று இரண்டும் கலந்து கிடக்கின்றன. பல வருடங்களுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் கலந்து எழுதிக் கொண்டுவந்தார். கடிதத்தில் எந்தப் பத்தியைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று வாதாடியே ஒரு காலைப் பொழுது போனது.

அதனால் ஒன்றை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது திறந்த கடிதம், யாருக்கும் காட்டலாம், தலைப்பில் அந்தச் சொல் இருக்காது. இரண்டாவது சமரசக் கடிதம், அதற்குத்தான் அந்தத் தலைப்பு. கறார் எல்லாம் முதலாவதில், விட்டுக்கொடுப்பது எல்லாம் இரண்டாவதில்.

திறந்த கடிதத்துக்கு முன் கணக்கை உடைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கொட்டேஷனில் ஹூட், ஃபேன், டக்ட் சேர்ந்து 11,500. மேசை, சிங்க், ராக் எல்லாம் 20,500. அவருடைய புகார் முழுக்க ஹூட் பக்கம்தான். மேசையையோ சிங்க்கையோ பற்றி இந்த எட்டு மாதத்தில் ஒரு வாட்ஸ்அப் கூட வரவில்லை. இதுவரை அவர் கொடுத்தது 18,000. அப்படியென்றால் ஹூட்டுக்கு ஒரு காசுகூடத் தரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தாலும், மற்ற சாமான்களுக்கே இன்னும் 2,500 பாக்கி. தகராறே இல்லாத தொகை அது. நோட்டீஸில் 14,000 என்று ஒரே கட்டியாக வைத்ததால் ஹூட்டைக் காட்டி மொத்தத்தையும் தடுத்து நிறுத்த அவருக்கு வசதியாகிவிட்டது.

இதை மனதில் வைத்துத் திறந்த கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரலாம்:

"தங்கள் சமையலறை வேலை முடிந்து, தாங்கள் அதை அன்றாடம் பயன்படுத்தி வருகிறீர்கள். ஒப்புக்கொண்ட தொகை 32,000 ரிங்கிட், பெற்றுக்கொண்டது 18,000, நிலுவை 14,000. தாங்கள் வாட்ஸ்அப்பில் தெரிவித்த குறை ஹூட்டையும் ஃபேனையும் பற்றியது மட்டுமே. மற்ற பொருட்களுக்கு உரிய 2,500 ரிங்கிட்டில் எந்தத் தகராறும் இல்லை என்பதால் அதை ஜூலை 15-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். மீதி 11,500 ரிங்கிட்டும் எனக்கு வர வேண்டியதே. தாங்கள் தெரிவித்த குறையை நேரில் பார்வையிட நான் தயார். வசதியான நாளை அதே தேதிக்குள் தெரிவிக்கவும். இரண்டுக்கும் பதில் இல்லையெனில் முழுத் தொகைக்கும், நீதிமன்றம் வழங்கும் வட்டிக்கும் செலவுக்கும் வழக்குத் தொடர்வது பற்றி வழக்கறிஞரிடம் ஒப்படைப்பேன்."

இதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "பார்வையிட". நீங்கள் எனக்கு அனுப்பிய குறிப்பில் "ரிப்பேர் பண்ணித் தருகிறேன்" என்று இருந்தது. நல்ல மனசுதான், ஆனால் திறந்த கடிதத்தில் அப்படி எழுதினால் வேலையில் குறை உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் படிக்க இடமிருக்கிறது. அதே காரணத்துக்காகத்தான் "ஹூட்டில் உள்ள குறை" என்று எழுதாமல் "தாங்கள் தெரிவித்த குறை" என்று எழுதினேன். எண்ணெய் சொட்டுவது உங்கள் வெல்டிங்கிலா, அவர்கள் ஃபில்டரைக் கழுவாததிலா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லையே. பார்க்கப் போகும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"7 நாட்களுக்குள்" என்பதை எடுத்துவிட்டு ஒரு தேதியைப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்தா, எழுதிய நாளிலிருந்தா என்ற வாதமே அப்போது எழாது. ஜூலை 15 என்பது உதாரணம்தான். நீங்கள் அனுப்பும் நாளிலிருந்து 14 நாள் வருகிற மாதிரி வையுங்கள். உணவகக்காரருக்குக் காசு புரட்ட அது நியாயமான அவகாசம்.

இப்போது இரண்டாவது கடிதம். இதில் தலைப்பைப் போட்டு, முதல் வரியிலேயே "வழக்கின்றித் தீர்த்துக்கொள்ளும் நோக்கத்தில் மட்டும் எழுதப்படுவது" என்று சொல்லிவிடுங்கள். பிறகு அண்ணன் என்றே விளித்து எழுதலாம், இங்கே மனசு விட்டுப் பேசத் தடையில்லை. இரண்டு வழி கொடுங்கள். ஒன்று, என் செலவில் ஹூட்டைச் சரிசெய்து தருகிறேன், நிலுவை 14,000-ஐ மூன்று தவணையில் கொடுங்கள். இன்னொன்று, ஹூட்டை நீங்களே வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், 12,000-ஐ ஒரே தடவையில் கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். ஒரே வழியைக் கொடுத்தால் "முடியாது" என்பதுதான் பதிலாக வரும். இரண்டைக் கொடுத்தால் எது தேவலை என்று யோசிக்க ஆரம்பிப்பார். இந்தச் சலுகை எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் எழுதுங்கள்.

எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை எழுத உட்காருவதற்கு முன்பே தனியாகக் குறித்து வையுங்கள், கடிதத்தில் வேண்டாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தக்கூடிய சிறு கோரிக்கை முறைக்கு வரம்பு 5,000 ரிங்கிட். பயனீட்டாளர் தீர்ப்பாயம் பொருளை வாங்கியவருக்குத்தான், விற்றவருக்கு இல்லை. ஆகவே 14,000-க்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கமான வழக்காகத்தான் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டணமும் காத்திருப்பும் சேரும். ஒரு வழக்கறிஞரிடம் கட்டணம் என்னவென்று கேட்டு, அதையும் நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டு வர வேண்டிய நாட்களையும் கழித்துப் பாருங்கள். என் கண்ணுக்கு 12,000 ஏமாந்த விலையாகத் தெரியவில்லை.

திறந்த கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி ஏ.ஆர். பதிவுத் தபாலில் நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதினால் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டிவரும். ரசீதைக் கடித நகலோடு பின் குத்தி வையுங்கள். சமரசக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதி, இரண்டு மூன்று நாள் கழித்து நேரில் கொண்டு போய்க் கொடுக்கலாம். தபாலில் வந்த கறார் கடிதத்துக்குப் பின்னால் நீங்களே வந்து நிற்பதற்கு ஒரு பலன் உண்டு. ஆனால் மதிய வாழையிலைக் கூட்ட நேரத்தில் போகாதீர்கள், ஊழியர்கள் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். இந்தக் கடிதங்களை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் மோசம், அவதூறு வழக்கை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டதாகிவிடும்.

பேசிக்கொண்டே இருப்பதால் காலக்கெடு நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட 6 ஆண்டு. உங்களுக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை. அவர் ஒரு பகுதி கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த 2,500-ஐத் திறந்த கடிதத்தில் தனியாகக் கேட்டதில் இந்த லாபமும் உண்டு. அதைக் கட்டும்போது வங்கிப் பரிமாற்றக் குறிப்பில் உங்கள் இன்வாய்ஸ் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

அவர் தவணைக்கு ஒப்புக்கொண்டால் அன்றே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும், இயக்குநராக அவர் கையெழுத்துப் போடட்டும். தவணைத் தேதிகளுக்குக் கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: எந்தத் தவணையாவது 7 நாள் தாண்டினால் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும். இது இல்லாவிட்டால் இரண்டாம் தவணை நின்றதும் அந்த ஒரு தவணைக்கு மட்டும்தான் கேட்க முடியும், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தாளுக்கு முத்திரை வரியும் கட்டிவிடுங்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

கெடு நாள் முடிந்தும் சத்தமில்லை என்றால் வழக்கறிஞரிடம் போகும்போது கொட்டேஷன், இன்வாய்ஸ், வாட்ஸ்அப் படங்கள், திறந்த கடிதம், தபால் ரசீது எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். சமரசக் கடிதத்தை வேறு கோப்பில் வையுங்கள்.